ஓரத்தில் இல்லாத வரி

பென்சில் சீவுகிற மணம் வந்தால் நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். கொழும்பில், பாமன்கடையில் இப்போது நாங்கள் இருக்கும் மாடிவீட்டில், பரீட்சைக் காலங்களில் என் மகள் காலையிலேயே ஆறேழு பென்சில்களைச் சீவிச் சீவி மேசையில் அடுக்குவாள். மரமும் கரியும் கலந்த அந்த வாசனை வரவேற்பறையைத் தாண்டிக் குசினிவரை வரும். நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவேன். அப்பாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தியதில்லை.

தூசி இல்லை. கொட்டாஞ்சேனை. ஒரு மாடி அறை, கிழக்கே ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கிற தெரு. அறையின் மூன்று சுவரும் புத்தகம். பழைய தீர்ப்பறிக்கைகள், தோல் அட்டை உரிந்து, தொட்டால் உள்ளங்கையில் செம்மண்போல ஒட்டுகிறவை. நடுவில் ஒரு பெரிய மேசை. அது என் சீனியருடையது. யன்னலோரம் ஒரு சின்ன மேசை, அது என்னுடையது. சின்ன மேசையின் மேல் ஒரு பென்சில், எப்போதும் கூராக.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சட்டக் கல்லூரி முடித்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். காலையில் காலி வீதியில் பஸ் ஏறி, இடையில் இரண்டு முறை இறங்கி அடையாள அட்டை காட்டி, கொட்டாஞ்சேனைக்கு வருவேன். அங்கிருந்து நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு நடந்தே போகலாம். சீனியர் நடந்துதான் போவார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வலது கண்ணில் வெண்படலம் விழுந்ததால் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி, யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவதைக் கேட்பவர்போல நடப்பார்.

அவர் எனக்குத் தந்த முதல் வேலை வழக்கு அல்ல. பென்சில் வேலை. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடந்ததெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

ஒரு தீர்ப்பு தனக்கு முன்னால் வந்தவற்றை அறியும். எந்தப் பழைய தீர்ப்புகளைப் பார்த்து நீதியரசர்கள் முடிவுக்கு வந்தார்களோ அவற்றின் பட்டியல் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கலாம், கிணற்றுப் படிபோல, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. ஆனால் தனக்குப் பின்னால் என்ன வந்தது என்று எந்தத் தீர்ப்புக்கும் தெரியாது. அச்சான அன்றோடு அதன் வாய் மூடிவிடும். பிறகு இன்னொரு நீதிமன்ற அமர்வு அதைப் பின்பற்றியிருக்கலாம், இது வேறு அது வேறு என்று ஒதுக்கியிருக்கலாம், பிழை என்று தூக்கியே எறிந்திருக்கலாம். பழைய பக்கம் மட்டும் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும், ஆள் செத்தது தெரியாமல் வருகிற கடிதம்போல.

அதற்காகத்தான் பென்சில். நோட்டிங் என்று சொல்வோம். புதிய தீர்ப்பறிக்கையின் பகுதி ஒவ்வொன்றும் மெல்லிய காகித அட்டையோடு வரும். அதில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் சுட்டப்பட்ட பழைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அலமாரியிலிருந்து அந்தப் பழைய தொகுதியை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுத வேண்டும்: இன்ன தொகுதி, இன்ன பக்கத்தில் பின்பற்றப்பட்டது. அல்லது வேறுபடுத்தப்பட்டது. அல்லது நிராகரிக்கப்பட்டது. அலுப்பான வேலை. ஒரு பகுதிக்கு நாற்பது, ஐம்பது தொகுதிகளை இறக்கி ஏற்ற வேண்டும். ஆனால் அதைச் செய்து வைத்தால், நாளைக்கு யாராவது பழைய பக்கத்தைத் திறக்கும்போது அதன் ஓரமே எழுந்து நின்று சொல்லும்: இங்கே நிற்காதே, அங்கே போ.

எங்கள் கிளாக்கர், வாழைத்தோட்டத்து முஸ்லிம் மனுசர், என்னைக் கேலி பண்ணுவார்.

“பொஸ்தகத்துக்குப் புள்ள பொறந்தா பதியிற ரெஜிஸ்தார் தம்பிதான். ஒண்ட விடாம எழுதுங்க. எழுதாட்டி அதுகள் அப்பன் பேர் தெரியாம திரியும்.”

சீனியரின் தொகுதிகளில் அவருடைய பென்சில் முப்பது வருடம் ஓடியிருந்தது, சின்னச் சின்ன, சாய்ந்த எழுத்துகளில். கண் மங்கத் தொடங்கியதும் அந்த வேலையை என்னிடம் தந்தார். முதல் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கவிதை வந்தது.

வந்தது என்றால், எல்லோருக்கும் இருபத்தாறு வயதில் வருவதுபோல, காய்ச்சல்போல. யன்னலுக்கு வெளியே மழை பெய்தால் ஒரு வரி. சோதனைச் சாவடியில் முன்னால் நிற்பவளின் பின்கழுத்தில் வேர்வை ஓடினால் ஒரு வரி. வழக்குப் பட்டியல்களின் பின்பக்கமெல்லாம் என் வரிகள். பென்சில் அதே பென்சில்தான். புதிய பகுதிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. யன்னல் விளிம்பில் அடுக்கி வைத்தேன். வெயில் பட்டு மேலட்டை வெளிறியது. நாளைக்குச் செய்யலாம்.

அவள் வந்தது அப்படியொரு நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். மதிய இடைவேளையில் பஸ் பிடித்து வந்திருந்தாள். கடைச் சீருடைச் சேலை, தோளில் ஊசி குத்திய பெயர் அட்டை, கழற்ற மறந்திருந்தாள். மலையகத்துப் பிள்ளை. அவளுடைய அண்ணன் கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். ஒரு விடிகாலைச் சுற்றிவளைப்பில், கடைக்குப் பின்னால் படுத்திருந்த நாலு பேரில் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டையைக் காட்டினாராம். அது போதவில்லையாம்.

ஐந்து பொலிஸ் நிலையங்களுக்கு ஏறி இறங்கியிருந்தாள். எல்லா இடத்திலும் சிங்களத்தில் ஒரே பதில்: இங்கே அப்படி ஒருவர் இல்லை. முப்பத்தாறாம் நாள், விடுதலையாகி வந்த ஒருவன் சிகரெட் பெட்டிக் காகிதத்தில் எழுதிய நாலு வரியைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தான். இருக்கிற இடமும், கையை நிமிர்த்த முடியவில்லை என்பதும் அதில் இருந்தன. முப்பத்தெட்டாம் நாள் எங்களிடம் வந்தாள். நாற்பத்தோராம் நாள் சீனியர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய வைத்தார்.

நாட்களை இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் மனு வர வேண்டும் என்பது அரசியலமைப்பு. பத்து நாள் பிந்திவிட்டது. முதல் தவணையிலேயே அரச சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார் என்று சீனியருக்குத் தெரியும். அந்த வாசலைத் தாண்டி மனுவைத் தொடர அனுமதி கிடைத்தால், அண்ணனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவும் சட்ட வைத்திய அதிகாரியிடம் கையைக் காட்டவும் கட்டளை கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. அமைச்சின் தடுப்புக் கட்டளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பதினெட்டு மாதம்வரை அப்படிப் போகலாம்.

சீனியர் இதை அவளுக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“சரிங்கய்யா, ஒரு மாசம்தான். அதை அவருகிட்ட யாருங்கய்யா உள்ள போயி சொன்னாங்க?”

சீனியர் சிரித்தார், சந்தோஷமாக. அதுதான் வாதம் என்றார். அதற்கு ஒரு தீர்ப்பு வேண்டும் என்றார். என்னைப் பார்த்தார்.

நான் தேடினேன். தேடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதக் கெடு பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நாள் பிடித்து வைத்து விடப்பட்ட ஒருவர், வீட்டிலிருந்தபடியே நாலு மாதம் கழித்து மனுப் போட்டார். கெடு கட்டாயமானது, மனு தள்ளுபடி. அதன் தலைப்பிலிருந்த பட்டியலைப் பிடித்து இறங்கினேன். அதற்கு முந்திய ஐந்து தீர்ப்புகள். ஐந்தும் ஒரே மொழி: கெடு கட்டாயம், கட்டாயம். கிணற்றின் அடியில் தண்ணீர் இல்லை. மேலே ஏறி வந்தேன். முக்கியத் தீர்ப்பின் பக்கத்தை மறுபடி திறந்தேன். ஓரம் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

ஓரம் ஏன் சுத்தமாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் முழங்கைக்குப் பக்கத்தில், யன்னல் விளிம்பில், மூன்று பகுதிகள் வெயிலில் வெளிறிக்கொண்டிருந்தன. அந்த நேரம் அவை எனக்குப் புத்தகமாகத் தெரியவில்லை. காற்றுக்குக் காகிதம் பறக்காமல் என் கவிதைகளை அமுக்கி வைத்திருந்த பாரம், அவ்வளவுதான்.

சீனியர் அந்தத் தொகுதியை வாங்கிப் பெரிய மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியால் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார்.

“நோட்டிங் எல்லாம் முடிஞ்சுதோ?”

“ஓம் சேர். முடிஞ்சுது.”

நாக்கு தானாகச் சொன்னது. கேட்டவருக்கும் அது வழக்கமான கேள்வி, சொன்னவனுக்கும் வழக்கமான பதில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்கிற பதில்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வேறு வழி யோசித்தார். தடுத்து வைத்திருப்பது ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிற மீறல், ஆகவே கெடுவும் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்குகிறது என்று எழுதினார். நல்ல வாதம்தான். ஒற்றைக்காலில் நிற்கிற வாதம்.

தவணை நாள் அவள் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் இருந்தாள். கடையில் லீவு கேட்டு வந்திருந்தாள். இரண்டு நீதியரசர்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அரச சட்டத்தரணி எழுந்து எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தீர்ப்பை வாசித்தார். தடுத்து வைத்திருப்பது அமைச்சின் கட்டளைப்படி, மீறல் என்று ஏதும் இருந்தால் அது கைதான அன்றே முடிந்துவிட்டது என்றார். சீனியர் தலையை இடப்பக்கம் திருப்பியபடி பதில் சொன்னார். உள்ளே கிடப்பவனையும் வீட்டில் கிடப்பவனையும் ஒரே கெடுவால் அளப்பது எப்படி என்று கேட்டார். மூத்த நீதியரசர் பேனாவை மூடி வைத்தார். கவனமாகத்தான் கேட்டார், இரக்கமாகக்கூட. இந்தத் தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்த அமர்வாவது வேறுபடுத்தியிருக்கிறதா, அப்படி ஏதாவது உண்டா?

சீனியர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் இருபத்தைந்து வருடமாக எழுத முயல்கிறேன். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. படியில் இறங்குகிறவர் கைபிடி இருக்கும் என்று பார்க்காமலே கையை நீட்டுவாரே, அது.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெளியே தாழ்வாரத்தில் அவள் சீனியரின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஆங்கிலம் தெரியாமலே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். நாலு மணிக்குள் கடைக்குப் போனால் அரைநாள் லீவோடு போகும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். பெயர் அட்டை அன்று கைப்பைக்குள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வெறும் மனக்கனத்தில், மூன்று பகுதிகளையும் இறக்கினேன். கவிதை வரவில்லை, அதனால் இறக்கினேன் என்பதே சரி. முதலாவது பகுதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், பாதிக்கு அப்பால், ஒரு தீர்ப்பின் தலைப்பில் சுட்டப்பட்டவை பட்டியல். நாலாவது வரியில் அந்தத் தீர்ப்பு. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தீர்ப்பு.

பக்கங்களைப் புரட்டினேன். வேறொரு அமர்வு. தீர்ப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல். அச்சில் இப்போதுதான் வந்திருந்தது. வெளியுலகத் தொடர்பில்லாமல், சட்டத்தரணியைக் காண விடாமல் வைக்கப்பட்டிருந்த ஒருவனின் மனு. பழைய தீர்ப்பில் மனுதாரர் சுதந்திரமாக வீட்டில் இருந்தார், ஆகவே அது இதற்குப் பொருந்தாது என்று வேறுபடுத்தியிருந்தார்கள். செய்ய முடியாததைச் செய் என்று சட்டம் ஒருவனை வற்புறுத்தாது. தடை விலகிய நாளிலிருந்தே அவனுக்குக் கெடு ஓடும். அச்சு எழுத்தில், மரியாதையான ஆங்கிலத்தில், ஒரு பந்தி முழுவதும் அவள் கேட்ட கேள்விதான் இருந்தது. அதை அவருகிட்ட யாரு உள்ள போயி சொன்னாங்க?

தடை விலகிய நாளிலிருந்து என்றால், சிகரெட் காகிதம் வந்த நாளிலிருந்து. ஐந்தே நாள். எங்கள் மனு பிந்தவே இல்லை.

எழுந்து பெரிய மேசைக்குப் போய், சேர், இது என் பிழை, செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறடி தூரம். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்ற பயமா? அதுவும். அவர் முகம் எப்படி மாறும் என்ற பயம் அதைவிட. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது. அந்தத் தீர்ப்பு அவர் கைக்குப் போக வேண்டும், ஒருவனுடைய கை நிமிராமல் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்படிக் கண்டுபிடிக்கிற மூளைக்குத்தான் அந்த வயதில் கவிதையும் வந்துகொண்டிருந்தது.

பழைய தொகுதியை எடுத்தேன். ஓரத்தில், பென்சிலால், சின்னச் சின்னதாக எழுதினேன்: வேறுபடுத்தப்பட்டது. தொகுதி எண். பக்க எண். அழுத்தாமல் எழுதினேன். விரலால் இலேசாகத் தேய்த்துவிட்டேன், நேற்றையதுபோல இல்லாமல் போன மாதத்தையதுபோல இருக்கட்டும் என்று. தேவையில்லாத ஒரு காரணத்தைச் சொல்லி அதே தொகுதியைப் பெரிய மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினேன். கிளாக்கர் படியில் எதிரே வந்தார். என் விரலைப் பார்த்தார். கரி.

“என்னா, இண்டைக்கு ரெஜிஸ்தாருக்கு வேலயா?” என்றார். மேலே ஏறிப் போனார்.

நான் திரும்பி வந்தபோது சீனியர் பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குரல் ஏதோ உடைந்த பாத்திரத்துக்குள்ளிருந்து வந்தது.

“ஓரத்திலை எழுதித்தான் இருக்கு, தம்பி. நான் லென்ஸ் பிடிச்சுப் பாத்தனான். தெரியேல்லை.”

அவர் தொகுதியை மூடினார்.

“நூறு எழுதுற நீ ஒண்டை மறப்பாய், பாக்க வேண்டியது நான். இனி இந்தக் கண்ணை நம்பேலாது.”

அப்போதும் ஆறடிதான்.

அன்று மாலையே ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குப் போனோம். ஆளனுப்பினால் போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். இப்படியானதை ஆளனுப்பிச் சொல்லக் கூடாது என்றார். சேலைக்கடையில் தீபாவளிக் கூட்டம். விரித்த சேலைகள் மலைபோலக் குவிந்த மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் அவள் கையில் இருந்த சேலை நழுவியது. இரண்டு பேராக வந்ததைப் பார்த்து அவள் எதை நினைத்தாள் என்று எனக்கு விளங்கியது. சீனியருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை, உயிரோடைதான் இருக்கிறார் பிள்ளை என்று தூரத்திலிருந்தே சொன்னார். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடையின் பின்பக்கம், சேலைப் பெட்டிகள் அடுக்கிய இடுக்கில் வைத்து அவர் அதைச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார்.

“பிழை என்ரை, பிள்ளை. உன்ரை அண்ணனுக்குச் சார்பான தீர்ப்பு ஒண்டு இருந்தது. என்ரை புத்தகத்திலேயே எழுதி இருந்தது. எனக்குத் தெரியேல்லை.”

அவர் கண்ணிலிருந்து வழிந்தது. மங்கிய கண்ணா, மற்றதா, நான் பார்க்கவில்லை. ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலைத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதறிப்போய் ஐயா, உக்காருங்கய்யா என்று ஒரு பெட்டியைத் துடைத்துக் கொடுத்தாள். வெளியே ஓடிப்போய் இரண்டு சோடா வாங்கி வந்தாள். ஒன்றை அவருக்கு. ஒன்றை எனக்கு. குளிர்ந்த போத்தல். நான் அதைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

சீனியர் நீதிமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். கட்டுப்படுத்துகிற தீர்ப்பு ஒன்று கவனத்துக்குக் கொண்டுவரப்படாமல் கட்டளை பிறப்பிக்கப்பட்டுவிட்டது, மறுபடி பார்க்க வேண்டும் என்று. அதில் ஒரு பந்தியில், சட்டத்தரணியின் பார்வைக் குறைவினால் நேர்ந்தது என்று தன் கையாலேயே சேர்த்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த கிளாக்கர் கையை நிறுத்தி, தொர, இதுவும் போடணுமா என்று கேட்டார். போடத்தான் வேணும் என்றார். கிளாக்கர் என்னைப் பார்க்காமல் மிச்சத்தை அடித்தார்.

முதல் தவணையில் நீதியரசர்களில் ஒருவர் வரவில்லை. இரண்டாம் தவணையன்று நகரத்தில் குண்டு வெடித்து, பத்து மணிக்கே நீதிமன்றத்தை மூடிவிட்டார்கள். மூன்றாவது தவணைக்கு முந்திய வாரம், குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று அண்ணனை விட்டுவிட்டார்கள். யார் சொல்லி விட்டார்கள், ஏன் பிடித்தார்கள், ஒன்றும் தெரியாது. ஆளே வெளியில் வந்துவிட்டதால் விண்ணப்பம் தேவையில்லை என்றார் அரச சட்டத்தரணி. சீனியர் அதைத் திரும்பப் பெற்றார்.

அனுமதி மறுத்த நாளிலிருந்து விடுதலைவரை ஐந்து மாதம். ஓரத்தில் அந்த வரி இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்குமா? நியாயமாகச் சொன்னால் எனக்குத் தெரியாது. அந்தத் தீர்ப்பையும் ஏதாவது சொல்லி ஒதுக்கியிருக்கலாம். ஆனால் நீதியரசர் கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். ஒரு வைத்தியர் அந்தக் கையை ஐந்து மாதம் முந்திப் பார்த்திருப்பார் என்பதை மட்டும் என்னால் எனக்கே மறுக்க முடியவில்லை.

அண்ணனை ஒரே ஒருமுறை கண்டேன். பழைய சாப்பாட்டுக் கடையில் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ரொட்டிக் கல்லடியில் நின்று வேலை செய்ய முடியவில்லை. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அதைவிட, கொத்துத் தகடு இரண்டும் இரும்பில் விழுகிற சத்தம் தொடங்கினால் அவர் கடையைவிட்டு இறங்கித் தெருமுனைவரை போய்விடுவாராம். கொட்டாஞ்சேனையில் பின்னேரம் ஆனால் தெருவுக்கு மூன்று இடத்தில் அந்தச் சத்தம். எங்கே போவது? ஒரு மாதம் பின்கட்டில் வெங்காயம் உரித்தார். பிறகு தங்கச்சியும் அண்ணனுமாகத் தோட்டத்துக்கே திரும்புவதென்று முடிவானது.

நான் அந்தச் சீனியரோடு இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு பகுதிகூடத் தேங்கவில்லை. வந்த அன்றே பதிந்தேன். மற்றவர்களின் நூலகங்களில் பழைய தொகுதி எதையாவது திறந்தாலும் கை பென்சிலைத் தேடும். அவர் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகத் தெரிகிறது என்றார். அதற்குப் பிறகு அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தாரா, தன் முப்பது வருட எழுத்துக்கும் என் தேய்த்துவிட்ட எழுத்துக்கும் இடையில் எதையாவது கண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில், நோட்டிங் முடிஞ்சுதோ என்று அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் போய்ச் சேர்ந்தார். நான் கோட்டைக் கழற்றினேன். அந்தப் பென்சில் கவிதைக்கும் உதவவில்லை, பேனாவுக்கு மாறினேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் போன நாளை.

சீனியரிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். அண்ணன் கீழே தெருவில், பெட்டி ஒன்றின் மேல், முதுகைச் சுவரோடு அணைத்தபடி இருந்தார். அவள் ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்திருந்தாள். சீனியர் இரண்டு கையாலும் வாங்கினார். பஸ் நிலையம்வரை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிடும்படி என்னிடம் சொன்னார்.

நடந்தோம். அண்ணன் எங்களுக்கு முன்னால், இடது கையில் பெட்டியோடு. புறக்கோட்டையில் வெயில், மீன், டீசல், மூன்று மொழியில் கூவல். சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். முந்திய நாள் லொட்ஜில் வசனம் வசனமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அந்தப் புத்தகம் என்ரை மேசையிலைதான் இருந்தது. ஓரத்திலை எழுதினது நான், பிறகு எழுதினது. அவருக்குக் கண் நல்லாத்தான் தெரிஞ்சது. மூன்று வசனம். ஒரு கவிதைக்கும் நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

மலையகத்துக்குப் போகும் ஹட்டன் பஸ் நிரம்பிக்கொண்டிருந்தது. அண்ணன் ஏறி யன்னலோரம் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் மிதிபலகையில் ஒரு காலை வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். கண்டக்டர் தகரத்தில் தட்டினார். அந்தச் சத்தத்தில் அண்ணனின் தோள் ஒருமுறை துள்ளி அடங்கியதை யன்னலுக்குள் கண்டேன். வாய் திறந்தபடியே நின்றது.

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வந்து முடியாமல் நிற்கிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பஸ் நகரும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதலாகக் குனிந்து சொன்னாள்:

“பெரியய்யாவப் பாத்துக்கங்க சார். கண்ணு தெரியலேன்னு கடையில வந்து அப்புடி அழுதாரு. இனிமே நீங்க கூட இருந்து வாசிச்சுக் குடுங்க.”